மண்ணுக்குள் 230 கிலோவோல்ட்: கேபிளின் சார்ஜிங் கரண்டும் ஷீத் பாண்டிங்கும்

கோபுரங்களில் தொங்கும் 230 கிலோவோல்ட் மின்கம்பிக்கு மின்காப்பு என்பது வெறும் காற்று. மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒன்றுக்கொன்று ஆறேழு மீட்டர் விலகி நிற்கும். தரை அதைவிடத் தொலைவில் இருக்கும். கம்பியைச் சுற்றி எழும் மின்புலமும் காந்தப்புலமும் அந்த வெளியில் தாராளமாகப் பரவிக்கொள்ளும். அதே 230 கிலோவோல்ட்டைத் தெருவுக்கு அடியில் கேபிளாகக் கொண்டுபோகும்போது காற்றுக்குப் பதிலாகச் சுமார் 24 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எக்ஸ்எல்பிஇ என்னும் பாலிஎதிலீன் மின்காப்பு வருகிறது. அதன் மேல் ஈயத்தாலோ நெளிவு போட்ட அலுமினியத்தாலோ ஆன உலோக உறை. இதைத்தான் ஷீத் என்கிறார்கள். அதற்கும் வெளியே ஜாக்கெட் எனப்படும் பிளாஸ்டிக் மேலுறை.

இந்த உலோக ஷீத் இல்லாமல் உயரழுத்தக் கேபிள் இல்லை. ஈரம் மின்காப்புக்குள் நுழையாமல் தடுப்பதும், கேபிள் பழுதாகும்போது பாயும் பெரும் மின்னோட்டத்தை எர்த்துக்குக் கொண்டுபோவதும், மின்புலத்தைக் கேபிளுக்குள்ளேயே அடைத்துவைப்பதும் அதன் வேலைகள். ஆனால் எர்த் செய்யப்பட்ட ஓர் உலோகக் குழாயை, 133 கிலோவோல்ட் ஓடும் செம்புக் கடத்தியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி வைப்பதற்கு இரண்டு விலைகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மின்புலத்தால் வருவது: சார்ஜிங் கரண்ட், அதாவது மின்னூட்ட ஓட்டம். மற்றது காந்தப்புலத்தால் வருவது: ஷீத்தில் தூண்டப்படும் மின்னழுத்தம். மேல்நிலைக் கம்பியில் முதலாவது மிகச் சிறியது. இரண்டாவதுக்கு இடமே இல்லை, ஏனென்றால் அங்கே ஷீத் கிடையாது.

இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மின்காப்பு இருந்தால் அது ஒரு மின்தேக்கி, அன்றாடப் பேச்சில் கெப்பாசிட்டர். கேபிள் முழுவதும் நீளவாக்கில் கிடக்கும் ஒரே கெப்பாசிட்டர்தான். அதன் கொள்திறனை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நடுவில் உள்ள பொருள், பரப்புகளுக்கு இடையே உள்ள தூரம். எக்ஸ்எல்பிஇ காற்றைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு மின்னூட்டத்தைத் தாங்கிவைக்கும். தூரமோ மீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. இவை இரண்டும் சேர்ந்து, 1,200 சதுர மில்லிமீட்டர் செம்புக் கடத்தி உள்ள 230 கிலோவோல்ட் கேபிளின் கொள்திறனைக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபேரட் ஆக்குகின்றன. அதே மின்னழுத்தத்தில் மேல்நிலைக் கம்பிக்கு இது 0.009 மைக்ரோஃபேரட் அளவில்தான் இருக்கும். இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மாறுதிசை மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் இந்த நீளமான கெப்பாசிட்டர் நிரம்பி, காலியாகி, எதிர்த்திசையில் நிரம்பி, மறுபடியும் காலியாகிறது. அதற்காகக் கடத்தியில் போய்வரும் ஓட்டமே சார்ஜிங் கரண்ட். மேலே சொன்ன கேபிளுக்குக் கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 8.3 ஆம்பியர் வருகிறது. மேல்நிலைக் கம்பிக்கு 0.4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. மறுமுனையில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும், கேபிளில் மின்னழுத்தம் இருக்கும்வரை இந்த ஓட்டம் இருக்கும். இது வேலை எதுவும் செய்வதில்லை. மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று முந்தி ஓடுவதால், ஆற்றலை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் கடத்தியைச் சூடாக்கும் விஷயத்தில் ஆம்பியருக்கு ஆம்பியர்தான். வேலை செய்யும் ஓட்டம், செய்யாத ஓட்டம் என்ற பாகுபாட்டைச் செம்பு அறியாது.

அதனால் கேபிளின் நீளம் கூடக்கூட, பயனுள்ள ஓட்டத்துக்கு மிஞ்சும் இடம் குறைகிறது. இந்தக் கேபிள் சூடு தாங்கும் வரம்பு 1,000 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து மட்டுமே சார்ஜிங் கரண்ட் போகிறது என்றால், 30 கிலோமீட்டரில் அது 250 ஆம்பியர். இரண்டு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகியவை என்பதால் நேரடியாகக் கழிக்கக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போல வர்க்கமாக்கிக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பயனுக்கு இன்னும் 968 ஆம்பியர் மிஞ்சுகிறது, இழப்பு அற்பம். 60 கிலோமீட்டரில் 866. 100 கிலோமீட்டரில் 552. 120 கிலோமீட்டரில் ஒன்றுமே மிஞ்சாது. தன்னைத்தானே மின்னூட்டிக்கொள்வதிலேயே கேபிளின் முழுத் திறனும் தீர்ந்துவிடும். முதலில் மெதுவாகவும் பிறகு சரேலென்றும் விழும் இந்தப் போக்குதான், நகருக்குள் போடும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேபிள்களில் யாரும் இதைப் பெரிதாகப் பேசாததற்கும், கடலுக்கடியில் போடும் கேபிள்களில் இதுவே முதல் கேள்வியாக நிற்பதற்கும் காரணம். மின்னழுத்தம் கூடினால் வரம்பு இன்னும் நெருங்கி வரும். இதே கொள்திறன் உள்ள 400 கிலோவோல்ட் கேபிளில் கிலோமீட்டருக்கு 14 ஆம்பியருக்கு மேல் ஓடும்.

மின்பொறியாளர்கள் இதை மெகாவாரில் பேசுவதே வழக்கம். 230 கிலோவோல்ட் கேபிள் கிலோமீட்டருக்கு 3.3 மெகாவார் எதிர்வினைத் திறனை உற்பத்தி செய்கிறது. மேல்நிலைக் கம்பி 0.15 மெகாவார். இங்கே இன்னொரு வேறுபாடும் உண்டு. மேல்நிலைக் கம்பியில் சுமை ஏறினால், அதைச் சுற்றியுள்ள காந்தப்புலம் எதிர்வினைத் திறனை விழுங்கத் தொடங்கும். 230 கிலோவோல்ட் கம்பியில் ஏறத்தாழ 135 மெகாவாட் ஓடும்போது, உற்பத்தியும் விழுங்கலும் சரிக்குச் சரியாகிவிடும். அதற்கு மேல் போனால் கம்பியே எதிர்வினைத் திறனைக் கேட்கும் கடன்காரனாகிறது. கேபிளில் இந்தச் சமநிலை 1,300 மெகாவாட் அளவில்தான் வரும். ஆனால் 1,000 ஆம்பியர் வரம்பு உள்ள கேபிளில் 400 மெகாவாட்டுக்கு மேல் அனுப்பவே முடியாது. ஆகவே கேபிள் எந்தச் சுமையிலும், எந்த நேரத்திலும் எதிர்வினைத் திறனைக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

கொட்டினால் என்ன ஆகும்? மின்னழுத்தம் உயரும். சுமையில்லாத நீண்ட லைனின் கடைசி முனையில் மின்னழுத்தம் அனுப்பும் முனையைவிடக் கூடுதலாக இருப்பதற்கு ஃபெரான்டி விளைவு என்று பெயர். செபாஸ்டியன் டி ஃபெரான்டி 1880களின் இறுதியில் லண்டனுக்கு மின்சாரம் கொண்டுவர 10,000 வோல்ட் நிலத்தடிக் கேபிள்களைப் போட்டபோது கண்டது இது. பாடநூல்கள் பெரும்பாலும் இதை நீண்ட மேல்நிலைக் கம்பிகளோடு சேர்த்துச் சொல்கின்றன. பிறந்த இடம் என்னவோ கேபிள்தான். ஆனால் இன்றைய நகரக் கேபிளில், கேபிளுக்குள்ளேயே நிகழும் இந்த உயர்வு மிகச் சிறியது. 30 கிலோமீட்டர் கேபிளில் அது அரை சதவீதம்கூட இல்லை. உண்மையான உயர்வு கேபிளுக்குப் பின்னால் உள்ள வலையமைப்பில் நிகழ்கிறது. 30 கிலோமீட்டர் கேபிள் தரும் 100 மெகாவார், குறுக்குச்சுற்றுத் திறன் 2,000 எம்விஏ மட்டுமே உள்ள பலவீனமான துணைமின்நிலையத்தில் நுழைந்தால், அங்கே மின்னழுத்தம் ஏறக்குறைய 5 சதவீதம் எகிறும். சுமை குறைந்த நள்ளிரவில் இது பெரிய தலைவலி.

இதற்கு மருந்து ஷன்ட் ரியாக்டர். எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் பெரிய கம்பிச்சுருள் அது. பார்வைக்கு டிரான்ஸ்ஃபார்மரைப் போலவே இருக்கும். கேபிள் முந்தி ஓடச்செய்யும் ஓட்டத்தை, இது பிந்தி ஓடும் ஓட்டத்தால் ஈடுகட்டும். இரு முனைகளிலும் பாதிப்பாதியாக வைத்தால், 30 கிலோமீட்டர் கேபிளின் எந்த இடத்திலும் சார்ஜிங் கரண்ட் 125 ஆம்பியரைத் தாண்டாது. டோக்கியோவில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த, சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள 500 கிலோவோல்ட் எக்ஸ்எல்பிஇ கேபிளும், சிசிலியையும் மால்டாவையும் 2015 முதல் இணைக்கும், சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள 220 கிலோவோல்ட் மாறுதிசைக் கேபிளும் ரியாக்டர் துணையோடுதான் ஓடுகின்றன.

ரியாக்டர் தன் பங்குக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் நொடியில் பிரேக்கரை மூடினால், ரியாக்டரின் ஓட்டத்தில் நேர்த்திசைக் கூறு ஒன்று ஒட்டிக்கொண்டு, சில நொடிகள்வரை மெல்லத் தேயும். அதன் மாறுதிசைக் கூறையோ கேபிளின் சார்ஜிங் கரண்ட் கழித்துவிடுகிறது. கேபிளின் எதிர்வினைத் திறனில் பாதிக்கு மேல் ரியாக்டரால் ஈடுகட்டப்பட்டிருந்தால், மிஞ்சும் ஓட்டம் பூஜ்யத்தைத் தொடாமலே மேலேயே அலைந்துகொண்டிருக்கும். பிரேக்கர் எந்த ஓட்டத்தையும் பூஜ்யத்தில்தான் அறுக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் திறக்கச் சொன்னால் அதனால் அறுக்க முடியாது. உள்ளே வில் எரிந்துகொண்டே இருக்கும். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து மூடும் கட்டுப்பாட்டுக் கருவி வைப்பதும், கேபிள் உயிர் பெற்ற பிறகு ரியாக்டரைத் தனியாகச் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

ஓர் எல்லைக்கு மேல் ரியாக்டரும் கட்டுப்படியாகாது. கடலின் நடுவே ரியாக்டர் வைப்பது எளிதல்ல. அங்கே நேர்த்திசை மின்சாரம் வருகிறது. நேர்த்திசையில் கெப்பாசிட்டர் ஒருமுறை நிரம்பினால் நிரம்பியதுதான். அதன்பின் சார்ஜிங் கரண்ட் இல்லை. ஸ்வீடனின் பெருநிலத்திலிருந்து காட்லாந்து தீவுக்கு 1954இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடலைக் கடந்து 100 கிலோவோல்ட்டில் 20 மெகாவாட் கொண்டுபோனபோது நேர்த்திசையைத் தேர்ந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இதுவரை சொன்னது ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்பது. அது எங்கே போகிறது என்ற கேள்விதான் ஷீத்துக்கு அழைத்துச் செல்கிறது. கடத்தியிலிருந்து மின்காப்பின் வழியாக வெளியேறும் சார்ஜிங் கரண்ட் நேராக ஷீத்தில் வந்து இறங்குகிறது. ஷீத்தின் நீளவாக்கில் ஓடி, அது எர்த்தோடு இணைக்கப்பட்ட இடத்தில் வெளியேறுகிறது. அந்த இணைப்பே பாண்டிங். ஒரு கிலோமீட்டர் கேபிளின் ஷீத் ஒரே இடத்தில் எர்த் செய்யப்பட்டிருந்தால், அந்த எர்த் வயரில் எப்போதும் 8.3 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வயரை யாராவது கழற்றிவிட்டாலோ, செம்புக்காகத் திருடிக்கொண்டு போனாலோ என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஷீத்துக்கும் மண்ணுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஜாக்கெட் இருப்பதால் அங்கேயும் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. 5 மில்லிமீட்டர் ஜாக்கெட்டுக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோஃபேரட். வெளியேற வழியில்லாத சார்ஜிங் கரண்ட் இந்த இரண்டாவது கெப்பாசிட்டர் வழியாகவே மண்ணுக்குப் போக வேண்டும். அப்போது 133 கிலோவோல்ட் இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் பங்கிடப்பட்டு, ஷீத்தின் பங்காக ஏறத்தாழ 16 கிலோவோல்ட் வருகிறது. எர்த் என்று எல்லோரும் நம்பியிருக்கும் உலோகத்தில், சுமை எதுவும் இல்லாத நிலையிலேயே, 16 கிலோவோல்ட். ஜாக்கெட் எங்காவது பலவீனமான இடத்தில் பொத்துக்கொண்டு தீப்பொறி பறக்கும். அதைத் தொட்டவர் பிழைப்பது அரிது. ஷீத்தை ஓர் இடத்திலாவது எர்த் செய்தே தீர வேண்டும் என்ற விதியில் விலக்கே இல்லாததன் காரணம் இது.

ஓர் இடத்தில் எர்த் செய்தாயிற்று. இரண்டு முனையிலும் செய்துவிட்டால் இன்னும் பாதுகாப்புதானே என்று தோன்றும். அங்கேதான் காந்தப்புலம் குறுக்கிடுகிறது. உயரழுத்தக் கேபிள்கள் பெரும்பாலும் ஃபேஸுக்கு ஒன்றாகத் தனித்தனியாக வருபவை. ஒவ்வொன்றின் கடத்தியிலும் ஓடும் ஓட்டம், அதைச் சுற்றிய ஷீத்தில் டிரான்ஸ்ஃபார்மரைப் போல மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மூன்று கேபிள்களையும் முக்கோணமாக ஒட்டிவைத்தால், அதாவது ட்ரெஃபாயில் அமைப்பில், 1,000 ஆம்பியருக்குக் கிலோமீட்டருக்கு 49 வோல்ட் அளவு வரும். தட்டையாக 30 சென்டிமீட்டர் இடைவெளியில் பரப்பினால் நடுக் கேபிளில் 107, ஓரக் கேபிள்களில் 134 வோல்ட். விலக்கிவைத்தால் சூடு எளிதில் மண்ணுக்குப் போகும். ஆனால் தூண்டப்படும் மின்னழுத்தம் ஏறும். இந்த இழுபறி கேபிள் வடிவமைப்பில் தீராதது.

ஷீத்தின் இரு முனைகளையும் எர்த் செய்தால் இந்த மின்னழுத்தத்துக்கு ஒரு மூடிய சுற்று கிடைத்துவிடுகிறது. ஷீத் பெரிய குறுக்குவெட்டு உள்ள அலுமினியக் குழாய். அதன் மின்தடை கிலோமீட்டருக்கு 0.04 ஓம் மட்டுமே. தூண்டல் தடையையும் சேர்த்தால் 0.063 ஓம். 49 வோல்ட்டை இதனால் வகுத்தால் 770 ஆம்பியர். கடத்தியில் 1,000 ஆம்பியர் அனுப்பினால், யாரும் கேட்காமலே ஷீத்தில் 770 ஆம்பியர் சுற்றிவருகிறது. அதனால் ஒவ்வொரு ஷீத்திலும் கிலோமீட்டருக்கு 24 கிலோவாட் வெப்பம். அதே கேபிளின் கடத்தியில் ஏற்படும் இழப்போ 21 கிலோவாட். மின்சாரத்தைச் சுமக்கும் செம்பைவிட, காவலுக்கு நிற்கும் உறை அதிகம் சூடாகிறது. அந்தச் சூடும் அதே மண்ணின் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் கேபிளின் திறனில் கால் பங்கு அளவுக்கு விட்டுக்கொடுக்க நேரும். 11 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட் கேபிள்களில் பெரும்பாலும் மூன்று கடத்திகளும் ஒரே உறைக்குள் இருப்பதால் காந்தப்புலங்கள் தம்மைத் தாமே கழித்துக்கொள்ளும். அங்கே இரு முனைகளையும் எர்த் செய்வதில் தொல்லை இல்லை.

எளிய மாற்று வழி, ஒரு முனையை மட்டும் எர்த் செய்வது. சுற்று மூடாததால் சுற்றோட்டம் இல்லை; ஷீத்தில் சூடும் இல்லை. ஆனால் திறந்துகிடக்கும் முனையில் தூண்டப்பட்ட மின்னழுத்தம் முழுவதும் நிற்கும். இதற்குப் பாதுகாப்பு விதிகள் உச்சவரம்பு வைக்கின்றன. 65 வோல்ட் என்பது நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஓர் எண். அதன்படி ட்ரெஃபாயிலில் 1.3 கிலோமீட்டர் வரை போகலாம். தட்டை அமைப்பில் அரைக் கிலோமீட்டரைத் தொடும் முன்பே வரம்பு வந்துவிடும். இன்னொரு குறையும் உண்டு: பழுது ஏற்படும்போது எர்த் ஓட்டம் திரும்பிவர ஷீத்தில் முழுவழி இல்லை. அதற்கென்று கேபிளோடு ஒரு தனிச் செம்புக் கம்பியைச் சேர்த்துப் புதைத்து, பாதி வழியில் அதைப் பக்கம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சாதாரண நாளில் அந்தக் கம்பியிலும் ஓட்டம் தூண்டப்பட்டு இழப்பு வரும்.

நீண்ட கேபிளுக்கு இது போதாது. அங்கே வருவது கிராஸ் பாண்டிங். கேபிள் எப்படியும் ஐந்நூறு மீட்டர் அளவுக்கு ஓர் உருளையாகத்தான் வரும். அதற்கு மேல் நீளமானால் லாரியில் ஏற்ற முடியாது. ஆகவே ஐந்நூறு மீட்டருக்கு ஒரு ஜாயின்ட் இருந்தே தீரும். இந்தக் கட்டாயத்தையே கிராஸ் பாண்டிங் சாதகமாக்கிக்கொள்கிறது. ஜாயின்ட்டில் கடத்தி நேராகத் தொடரும். ஷீத் மட்டும் இடையில் அறுக்கப்பட்டு மின்காப்பு வைக்கப்படும். அறுந்த முனைகளை, தெருவோரம் உள்ள லிங்க் பாக்ஸ் எனப்படும் நீர்புகாப் பெட்டிக்குள் கொண்டுவந்து இடம் மாற்றி இணைப்பார்கள். R ஃபேஸ் கேபிளின் ஷீத் அடுத்த துண்டில் Y கேபிளின் ஷீத்தோடு சேரும். அது மூன்றாவது துண்டில் B கேபிளின் ஷீத்தோடு சேரும். மூன்று ஃபேஸ்களின் ஓட்டங்களும் 120 பாகை விலகியவை. அவற்றால் தூண்டப்படும் மூன்று மின்னழுத்தங்களும் அப்படியே. சம நீளமுள்ள மூன்று துண்டுகளில் அவற்றைக் கூட்டினால் விடை பூஜ்யம். இப்போது மூன்று துண்டுத் தொகுதியின் இரு கோடிகளையும் தாராளமாக எர்த் செய்யலாம். சுற்றோட்டத்தை ஓட்ட மின்னழுத்தமே மிஞ்சாது. உள்ளே இருக்கும் லிங்க் பாக்ஸ்களில் நிற்பது ஒரு துண்டின் மின்னழுத்தம் மட்டும், அதாவது 25 வோல்ட் அளவு.

தெருக்கள் மூன்று சம துண்டுகளாக வாய்ப்பதில்லை. பாலம், சாக்கடை, மெட்ரோ நிலையம் என்று ஏதாவது குறுக்கே வந்து ஜாயின்ட் குழியை நகர்த்தும். 500, 500, 350 மீட்டர் என்று அமைந்துவிட்டால், 150 மீட்டருக்கான மின்னழுத்தம் ஈடாகாமல் மிஞ்சும். அது 7 வோல்ட்டுக்குச் சற்று மேல். 1,350 மீட்டர் ஷீத்தில் அது 86 ஆம்பியரைச் சுற்றவைக்கும். எண் பெரிதாகத் தெரிந்தாலும் இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 24 கிலோவாட்டுக்குப் பதிலாகக் கிலோமீட்டருக்கு 0.3 கிலோவாட்தான். கிராஸ் பாண்டிங் துல்லியமாக அமையாவிட்டாலும் பெரும்பயன் தருவது இதனால்தான். தட்டை அமைப்பில் மட்டும் ஷீத்தை மாற்றினால் போதாது. நடுக் கேபிளும் ஓரக் கேபிளும் சமமல்ல என்பதால், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கேபிள்களின் இடத்தையே சுழற்ற வேண்டும்.

ஷீத்தை அறுத்த இடத்தில் ஒரு பலவீனம் பிறக்கிறது. மேல்நிலைக் கம்பியில் விழும் இடியோ பிரேக்கர் இயங்குவதால் எழும் அலையோ கேபிளுக்குள் ஓடிவரும்போது, அறுந்த ஷீத்தின் இரு பக்கங்களுக்கும் நடுவே கணநேரத்துக்குப் பல கிலோவோல்ட் எழும். ஜாயின்ட்டின் மின்காப்பும் ஜாக்கெட்டும் அதைத் தாங்கா. அதற்காகவே லிங்க் பாக்ஸுக்குள் எஸ்விஎல் எனப்படும் துத்தநாக ஆக்சைடுக் கட்டைகள் இருக்கின்றன. சாதாரண மின்னழுத்தத்தில் இவை மின்சாரத்தைக் கடத்தமாட்டா. வரம்பு தாண்டினால் உடனே கடத்தி எர்த்துக்கு வழிவிடும். தேர்வில் கவனம் தேவை. வெளியே எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டு 31.5 கிலோஆம்பியர் இந்தக் கேபிள் வழியாகப் போனால், 500 மீட்டர் துண்டில் 770 வோல்ட் வரை எழும். அதற்கு எஸ்விஎல் கடத்தத் தொடங்கினால் வெடித்துவிடும். ஜாயின்ட்டிலிருந்து பெட்டிக்கு வரும் பாண்டிங் கேபிள் நீளமாக இருந்தால், வேகமான அலைக்கு அதுவே பெரும் தடையாகி எஸ்விஎல் இருந்தும் பயனின்றிப் போகும். அதனால் அதைப் பத்து மீட்டருக்குள் அடக்கச் சொல்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரு கடத்திகள் உள்ள வகையைப் பயன்படுத்துவதும் இதற்காகவே.

இத்தனையும் ஜாக்கெட் முழுமையாக இருந்தால்தான் செல்லும். பாதை தோண்டும் இயந்திரத்தின் பல்லோ, அடியில் கிடந்த கல்லோ ஜாக்கெட்டைக் கிழித்தால், ஷீத் அங்கே மண்ணைத் தொட்டு, யாரும் திட்டமிடாத இன்னொரு எர்த் உருவாகும். ஓட்டம் அந்த வழியாகக் கசியும். ஈரம் சேர்ந்து அலுமினியம் அரிக்கும். ஆகவே கேபிளைப் புதைத்து மூடியதும் ஷீத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஜாக்கெட்டின் தடிமனுக்கேற்ப 10 கிலோவோல்ட் வரை நேர்த்திசை மின்னழுத்தம் கொடுத்து ஒரு நிமிடம் சோதிப்பது வழக்கம். ஜாக்கெட்டின் மேல் கரும்பூச்சு போல ஒரு மின்கடத்தும் படலம் இருப்பது இந்தச் சோதனைக்காகத்தான். மண் எல்லா இடத்திலும் ஒட்டியிராது. படலம் இருந்தால் கிழிசல் எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும்.

பணி முடிந்த பிறகு நேரும் கோளாறுகளில் அடிக்கடி வருவது லிங்க் பாக்ஸில்தான். மழைநீர் உள்ளே புகுந்தால் மூன்று ஷீத்களும் எர்த்தோடு ஒன்றுசேர்ந்துவிடும். கிராஸ் பாண்டிங் செய்த பாடு வீண். அதைவிட நுட்பமானது இணைப்புத் தவறு. முதல் பெட்டியில் R-ஐ Y-யோடு சேர்த்தவர், இரண்டாவது பெட்டியில் சுழற்சியை எதிர்த்திசையில் போட்டுவிட்டால், ஷீத் R, Y, R என்று திரும்பி வந்துவிடும். கூட்டுத்தொகை பூஜ்யம் ஆவதற்குப் பதிலாக ஒரு துண்டின் மின்னழுத்தத்தைப் போல 1.73 மடங்கு, அதாவது 42 வோல்ட் ஆகும். 1.5 கிலோமீட்டர் தொகுதியில் அது 450 ஆம்பியரை ஓட்டும். பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லா போல்ட்களும் இறுக்கமாக, பளபளப்பாக இருக்கும். கண்ணுக்கு எதுவும் படாது.

டாங் டெஸ்டருக்குத்தான் படும். தொகுதியின் கோடியில் எர்த் வயரைச் சுற்றி அதை மாட்டி, ஒருமுறை உச்சச் சுமையிலும் ஒருமுறை நள்ளிரவிலும் அளந்து, இரண்டு நேரத்திலும் கடத்தியில் ஓடிய ஆம்பியரையும் குறித்துக்கொள்வார்கள். சார்ஜிங் கரண்டின் பங்கு மின்னழுத்தத்தை மட்டுமே சார்ந்தது. இரவும் பகலும் மாறாது. 1.5 கிலோமீட்டர் தொகுதியில் மூன்று ஃபேஸ்களின் பங்கும் கலந்து ஓரளவு தம்மைத் தாமே கழித்துக்கொள்வதால், கோடி வயரில் அது இரண்டு மூன்று ஆம்பியராகத்தான் தெரியும். தூண்டப்பட்ட சுற்றோட்டமோ சுமையோடு ஏறி இறங்கும். கடத்தியில் 1,000 ஆம்பியர் இருந்தபோது வயரில் 450, நள்ளிரவில் 300 ஆனபோது 134 என்று காட்டினால், இணைப்பு தவறு என்பது உறுதி. 86-இலிருந்து 26-க்கு இறங்கினால், துண்டுகளின் நீளம் சமமில்லை என்று வரைபடத்தைப் பார்த்தாலே போதும். இரு நேரத்திலும் அதே சில ஆம்பியர்தான் என்றால் பாண்டிங் சரியாக இருக்கிறது. இரு நேரத்திலும் பூஜ்யம் என்று காட்டினால் நிம்மதி கொள்ளக் கூடாது. சார்ஜிங் கரண்டே வரவில்லை என்றால் அந்த எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள்; லைனை நிறுத்தும்வரை அந்தப் பெட்டிக்குள் யாரும் கை வைக்கக் கூடாது.